ஓடும் எழுத்தை நிறுத்திப் படிப்பது

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கில் மலையாளச் செய்தி சேனலைப் போட்டுவிட்டுத் திரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முல்லைப்பெரியாறு அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதை இயக்குவதும் அதன் தண்ணீரைக் கொண்டுவருவதும் தமிழ்நாடு. நீர்மட்டம் 136 அடியைத் தாண்டினால் ஒரு பேச்சு. உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த 142 அடியை நெருங்கினால் வேறு பேச்சு. அந்த எண்ணும் ஷட்டர் திறப்பு பற்றிய அறிவிப்பும் முதலில் வருவது பெரும்பாலும் கீழே ஓடும் ஸ்க்ரோலில்தான். வாசிப்பாளர் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார், அணை கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

மலையாளம் பேசினால் ஓரளவு புரிகிற நமக்கு அதன் எழுத்து தெரியாது. வீடியோவை நிறுத்தி, ஒரு படம் எடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுக்கலாம் என்று தோன்றும். கொடுத்தால் பாதி வரி வரும், எழுத்துகள் இழுபட்டுக் கிடக்கும், செயலி ஏதோ ஒரு வாக்கியத்தைத் தரும். அது சரியா தவறா என்று நமக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், ஸ்க்ரோல் எழுத்து தன்னளவில் மங்கலானதல்ல.

கேமரா ஓடும் பஸ்ஸைப் படமெடுக்கும்போது, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் பஸ் நகர்ந்துவிடுவதால் படம் இழுபடுகிறது. ஸ்க்ரோலை எந்தக் கேமராவும் படமெடுப்பதில்லை. சேனலின் கிராஃபிக்ஸ் கணினி ஒவ்வொரு ஃபிரேமிலும் அதே எழுத்தைச் சில புள்ளிகள் இடப்பக்கம் தள்ளி, கூர்மையாக வரைகிறது. ஆகவே மூலத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தெளிவானது. மங்கல் முழுக்கப் பிறகு சேர்வது: ஒளிபரப்பு முறையில் கொஞ்சம், வீடியோவைச் சுருக்குவதில் கொஞ்சம், மறுபதிவேற்றத்தில் கொஞ்சம், நாம் திரையைப் போனில் படமெடுப்பதில் நிறைய. எந்த மங்கல் எங்கே சேர்ந்தது என்று கண்டுபிடித்தால், பாதிக்கு மேல் நீக்கிவிடலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நிறுத்திய படத்தில் மூலையில் இருக்கும் சேனல் லோகோவைப் பாருங்கள். அது அசையாதது. லோகோ கூர்மையாக இருந்து ஸ்க்ரோல் மட்டும் மங்கலாக இருந்தால், குற்றவாளி நகர்வு. சரியான ஃபிரேமைத் தேடினால் பலன் உண்டு. லோகோவும் சேர்ந்து மங்கலாக இருந்தால் வீடியோவே தரம் குறைந்தது. எத்தனை ஃபிரேம் புரட்டினாலும் தேறாது, அதே செய்தியின் தரமான பதிவைத் தேடுவதுதான் வழி. யூடியூபில் பார்க்கிறவர்கள் முதலில் தரத்தைக் கையால் 1080க்கு மாற்ற வேண்டும். ‘ஆட்டோ’வில் விட்டால் இணைய வேகத்துக்கேற்ப அது சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திரை 1920 புள்ளி அகலம், 1080 வரி உயரம். ஸ்க்ரோலில் ஒரு சொல் வலது ஓரத்தில் முளைத்து இடது ஓரத்தில் மறைய 8 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைக் கைக்கடிகாரத்தை வைத்தே அளக்கலாம். அப்படியானால் எழுத்து நொடிக்கு 240 புள்ளி நகர்கிறது. இந்தியாவில் வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம். ஆக, ஃபிரேமுக்கு 9.6 புள்ளி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் தொலைக்காட்சி ஒளிபரப்பு பெரும்பாலும் ‘இன்டர்லேஸ்’ முறை. ஒரு ஃபிரேமின் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்தும் வருகின்றன. அந்த இடைவெளிக்குள் நம் எழுத்து 4.8 புள்ளி நகர்ந்துவிடும். படத்தை நிறுத்தினால் இரண்டு நிலைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னி, எழுத்தின் இரு ஓரங்களிலும் சீப்புப் பல் போலக் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். எழுத்துக் கோட்டின் தடிமனே ஐந்தாறு புள்ளிதான் என்னும்போது, கிட்டத்தட்ட ஒரு கோட்டின் அகலத்துக்குப் பிசிறு. கண் இதைச் சமாளித்துப் படித்துவிடும், எழுத்தறியும் மென்பொருளால் முடியாது.

இந்தப் பிசிறு கண்ணில் பட்டால் மகிழ்ச்சியடையலாம். தகவல் எதுவும் அழியவில்லை, கலந்திருக்கிறது, அவ்வளவுதான். விஎல்சி பிளேயரில் டி விசையை அழுத்தினால் இன்டர்லேஸ் நீக்கம் வேலைசெய்யும். அது இரண்டு கணங்களையும் பிரித்து, விடுபட்ட வரிகளைப் பக்கத்து வரிகளிலிருந்து நிரப்புகிறது. இ விசை ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்தும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஷிஃப்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் அந்த ஃபிரேம் படமாகச் சேமிக்கப்படும். யூடியூபை நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே, காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னே போகும்.

ஆனால் இந்த நீக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு கணத்தில் வருவது பாதி வரிகளே. 40 வரி உயரமுள்ள எழுத்துக்கு உண்மையில் 20 வரித் தகவல்தான் மிஞ்சுகிறது. பெரிய எழுத்துக்கு அது போதும். மலையாளத்தில் மெய்யெழுத்தின் தலையில் வரும் சிறு பிறைக்கும், ‘ம்’ ஒலியைக் குறிக்கும் குட்டி வட்டத்துக்கும் போதாமல் போகலாம். 1080 வரி இல்லாத பழைய தரத்து சேனலில், மொத்தத் திரையே 576 வரி என்னும்போது, இந்தச் சிறு குறிகளுக்கு மூன்று நான்கு வரிகள்தான் கிடைக்கும். அங்கே ஒரு ஃபிரேமை மட்டும் நம்பக் கூடாது.

சமூக ஊடகத்தில் சுற்றும் துண்டு வீடியோக்களில் இன்னொரு வகை மங்கல் இருக்கும். யாரோ 25 ஃபிரேம் வீடியோவை 30 ஃபிரேமாக மாற்றியிருப்பார்கள். ஐந்து ஃபிரேமிலிருந்து ஆறு செய்ய வேண்டும். சில மென்பொருள்கள் ஒரு ஃபிரேமை அப்படியே இரண்டு முறை காட்டிவிடும். அதில் கேடில்லை. சில மென்பொருள்கள் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களைக் கலந்து புதிதாக ஒன்றைச் செய்யும். அப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஏறக்குறைய பத்துப் புள்ளி தள்ளி ஒரு பேய் நிழல் விழும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் சில ஃபிரேம் தெளிவு, சில ஃபிரேம் நிழல், மறுபடி தெளிவு என்று ஒரு தாளம் தெரியும். அந்தத் தாளம் தெரிந்தால் தெளிவான ஃபிரேமுக்காகக் காத்திருந்து எடுத்தால் போதும். எல்லா ஃபிரேமிலும் நிழல் இருந்தால் அந்தப் பிரதி பயன்படாது.

சுருக்கத்தால் வரும் கேடு வேறு மாதிரி இருக்கும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போன்ற புள்ளிகள், சதுரம் சதுரமான கட்டங்கள். இதில் கவனிக்க வேண்டியது மேலே ஓடும் காட்சி. வெள்ளம் பாயும் காட்சியோ, கூட்டம் ஓடும் காட்சியோ போய்க்கொண்டிருந்தால், வீடியோவுக்கு ஒதுக்கிய தரவில் பெரும்பங்கை அது தின்றுவிடும். ஸ்க்ரோலுக்கு மிச்சம் குறைவு. காட்சி வெட்டி மாறும் அந்தக் கணம் இன்னும் மோசம். ஆகவே வாசிப்பாளர் ஸ்டுடியோவில் அசையாமல் உட்கார்ந்து பேசும் நேரத்து ஃபிரேமை எடுங்கள். அதே ஸ்க்ரோல், அதே சேனல், ஆனால் எழுத்து பளிச்சென்று இருக்கும். என் பார்வையில் எந்த மென்பொருள் மெருகூட்டலைவிடவும் இந்தக் காத்திருப்பு பெரிய பலன் தருகிறது.

அடுத்த கேள்வி, எத்தனை ஃபிரேம் எடுப்பது. ஒரு நிமிட ஸ்க்ரோலில் 1500 ஃபிரேம் இருக்கின்றன. அத்தனையும் வேண்டாம். சொல் திரையைக் கடக்க 8 நொடி என்றால், 4 நொடிக்கு ஒரு ஃபிரேம் எடுத்தால் போதும். ஒவ்வொரு படத்தின் இடப்பாதியும் முந்தைய படத்தின் வலப்பாதியாக இருக்கும். ஆக ஒவ்வொரு சொல்லும் இரண்டு படங்களில் வரும். ஓரத்தில் வெட்டுப்பட்ட சொல்லும் அடுத்த படத்தில் நடுவில் முழுதாக நிற்கும். ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து படங்கள், அவ்வளவுதான்.

கணினியில் கட்டளை தட்டத் தயங்காதவர்கள் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கைக் கொண்டு இதை ஒரே வரியில் முடிக்கலாம். செட்-டாப் பாக்ஸில் பதிவான, இன்டர்லேஸ் உள்ள ஒரு கோப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால்:

```
ffmpeg -ss 00:12:40 -t 60 -i news.ts -vf "bwdif=0,crop=1920:80:0:980,fps=1/4,format=gray,negate" t_%02d.png
```

12 நிமிடம் 40 நொடியில் தொடங்கி ஒரு நிமிடம் எடு, இன்டர்லேஸை நீக்கு, மேலிருந்து 980ஆம் வரியில் தொடங்கும் 80 வரிப் பட்டையை மட்டும் வெட்டு, 4 நொடிக்கு ஒன்றாகச் சேமி, கறுப்பு வெள்ளையாக்கி நிறத்தைத் தலைகீழாக்கு என்று இதற்குப் பொருள். 980, 80 என்ற எண்களை உங்கள் சேனலின் பட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து மாற்ற வேண்டும். தலைகீழாக்குவது ஏனென்றால், ஸ்க்ரோலில் அடர்ந்த பட்டைமேல் வெள்ளை எழுத்து இருக்கும். எழுத்தறியும் மென்பொருள்களோ வெள்ளைத் தாளில் கறுப்பு அச்சைப் படித்துப் பழகியவை. உங்கள் சேனலில் ஏற்கெனவே வெள்ளைப் பட்டைமேல் கறுப்பு எழுத்து என்றால் கடைசிச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்க டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1980களில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மலையாளத் தரவை நிறுவியபின்:

```
tesseract t_01.png t_01 -l mal --psm 7
```

கடைசியில் உள்ள 7, ‘இது முழுப் பக்கமல்ல, ஒற்றை வரி’ என்று அதற்குச் சொல்கிறது. இதைச் சொல்லாவிட்டால் அது பத்தி, தலைப்பு என்று எதையோ தேடிக் குழம்பும். கட்டளை வேண்டாம் என்பவர்கள் சேமித்த படத்தைக் கூகுள் லென்ஸில் திறந்தால் போதும். அங்கேயும் முழுத் திரையைக் கொடுக்காமல் பட்டையை மட்டும் வெட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் மேலே இருக்கும் தலைப்பும் கடிகாரமும் விளம்பரமும் வரிக்குள் புகுந்துவிடும்.

இப்போது உதாரணத்துக்கு நானே அமைத்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரோலில் ‘முல்லப்பெரியார் ஜலநிரப்பு 136 அடி, ஷட்டறுகள் இன்னு துறக்கில்ல’ என்று மலையாள எழுத்தில் ஓடுகிறது. நீர்மட்டம் 136 அடி, ஷட்டர்கள் இன்று திறக்கப்படாது என்று அர்த்தம். முதல் படம் ‘136 அடி’ வரை பிடிக்கிறது. இரண்டாவது படத்தில் ‘ஜலநிரப்பு’ முதல் ‘துறக்கி’ வரை வந்து, கடைசி இரண்டு எழுத்துகள் திரைக்கு வெளியே நிற்கின்றன. மூன்றாவது படத்தில்தான் ‘துறக்கில்ல’ முழுதாகத் தெரிகிறது.

இரண்டாவது படத்தை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தால் அது அரைச் சொல்லை முழுச் சொல்லாக யூகிக்கும். ‘ஷட்டர்கள் இன்று திறப்பு’ என்று தந்துவிடலாம். தமிழைப் போலவே மலையாளத்திலும் வினையும் மறுப்பும் கடைசியில் வருகின்றன. ‘துறக்கும்’ என்றால் திறக்கும், ‘துறக்கில்ல’ என்றால் திறக்காது. வாக்கியத்தின் வாலை வெட்டினால் செய்தி நேரெதிராகிவிடும். ஆகவே ஃபிரேம் ஃபிரேமாக மொழிபெயர்க்கக் கூடாது. முதலில் மூல எழுத்தை ஒட்டி முழு வரியாக்க வேண்டும். இரண்டு படங்களுக்கும் பொதுவான சொல்லைப் பிடித்து, அங்கே தைக்க வேண்டும். ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் சேனல்கள் ஒரு நட்சத்திரமோ சிறு லோகோவோ வைப்பார்கள். அதிலிருந்து அடுத்த குறிவரை ஒரு செய்தி. அந்த முழு வாக்கியத்தைத்தான் மொழிபெயர்க்கக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு சொல்லும் இரண்டு படங்களில் வருவதன் இன்னொரு பயன் சரிபார்ப்பு. முதல் படத்தில் 136 என்று படித்த மென்பொருள் இரண்டாவதில் 138 என்று படித்தால், அந்த இடம் மங்கல் என்று தெரிந்துவிடும். ஸ்க்ரோல் திரும்பவும் சுற்றி வரும்வரை காத்திருந்து மூன்றாவது முறை எடுத்து, பெரும்பான்மை எது என்று பார்க்கலாம். 3, 6, 8 மூன்றும் பக்கவாட்டில் இழுபட்டால் ஒன்றுபோலாகிவிடும். செங்குத்துக் கோடுகள்தான் இழுவையில் கரைகின்றன, கிடைக்கோடுகள் தப்பிக்கின்றன. 6க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு மேல்பாதியின் வலப்பக்கத்தில் ஒரு சிறு செங்குத்து வளைவு மட்டுமே என்பதை நினைத்தால் ஆபத்து புரியும்.

பல படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும் வழியும் உண்டு. ஃபிரேமுக்கு 9.6 புள்ளி என்றால் ஐந்து ஃபிரேமுக்குச் சரியாக 48 புள்ளி. கிம்ப் போன்ற படத் தொகுப்பு மென்பொருளில் ஐந்தைந்து ஃபிரேம் இடைவெளியில் எடுத்த நான்கு படங்களை அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் முந்தையதைவிட 48 புள்ளி கூடுதலாக வலப்பக்கம் தள்ளுங்கள். அடியில் உள்ளதன் அடர்த்தி 100 விழுக்காடு, அடுத்தது 50, அடுத்தது 33, மேலே உள்ளது 25. நான்கின் சராசரி கிடைக்கும். எழுத்து நான்கிலும் ஒரே இடத்தில் இருப்பதால் தங்கும், பிசிறுகள் இடம் மாறுவதால் கரையும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிசிறாக இருந்தால் நான்கு படத்தில் பாதியாகக் குறையும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. வீடியோச் சுருக்கம் முந்தைய ஃபிரேமின் எழுத்தையே நகர்த்தி அடுத்த ஃபிரேமில் ஒட்டுவதால், பிசிறும் எழுத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. அதனால் ஒரே ஓட்டத்தில் எடுத்த நான்கைவிட, ஸ்க்ரோல் இரண்டு மூன்று முறை சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் எடுத்த படங்களை அடுக்குவது மேல். அப்போது 48 என்ற கணக்கு பொருந்தாது, கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டும்.

காட்சியின்மேல் நிற்கும் வசன வரிகளுக்கு இதில் பாதி வேலைகூட இல்லை. முதலில் அந்த வரி தனி எழுத்துக் கோப்பாகக் கிடைக்கிறதா என்று பிளேயரின் சப்டைட்டில் பட்டியலில் பாருங்கள். இருந்தால் படமே எடுக்க வேண்டியதில்லை. படத்தோடு கலந்துவிட்ட வரி என்றால், வெள்ளை எழுத்துக்குப் பின்னால் வெளிச்சமான காட்சி ஓடுவதுதான் தொல்லை. எழுத்து இரண்டு மூன்று நொடி அசையாமல் நிற்கும், பின்னணி அசையும். அந்த நேரத்துக்குள் எடுத்த பத்துப் படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் மிக இருண்ட மதிப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால், எப்போதும் வெள்ளையாக இருக்கும் எழுத்து மட்டும் மிஞ்சி மற்றதெல்லாம் இருட்டும். இமேஜ்மேஜிக் மென்பொருளில் அதற்கான வரி:

```
magick s_*.png -evaluate-sequence min out.png
```

பின்னணியும் அசையாமல் வெளிறி நின்றால் இது உதவாது.

திரையைப் போனில் படமெடுப்பதைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அது கடைசி வழி. வீட்டு வெளிச்சத்தில் போன் கேமரா ஐம்பதில் ஒரு நொடியோ அதைவிட அதிகமோ திறந்திருக்கும். அதற்குள் டிவி அடுத்த ஃபிரேமுக்கு மாறிவிடுவதால் இரண்டு நிலைகளும் ஒரே படத்தில் பதியும். செட்-டாப் பாக்ஸில் நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிட்டுப் படமெடுங்கள். இல்லையென்றால் போனின் புரோ முறையில் ஷட்டரை நூறில் ஒரு நொடிக்குக் குறையுங்கள், அதற்கு மேலும் குறைத்தால் பல டிவிகளின் பின்விளக்குத் துடிப்பு கறுப்புப் பட்டைகளாக விழும். கட்டண ஓடிடி செயலிகளில் திரைப்பிடிப்பு முழுக் கறுப்பாக வந்தால் அது உங்கள் போனின் பழுதல்ல, உள்ளடக்கப் பாதுகாப்பு.

படத்தைக் கூர்மையாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளிடம் ஸ்க்ரோலைக் கொடுக்காதீர்கள். அழிந்துபோன கோட்டை அவை மீட்பதில்லை, பொருத்தமாகத் தோன்றும் ஒரு கோட்டைப் புதிதாக வரைகின்றன. முகத்துக்கு அது பரவாயில்லை. 136இன் கடைசி இலக்கத்துக்கு அது பொய். அணையின் நீர்மட்டமோ, வெள்ள எச்சரிக்கையின் நிறமோ, மருத்துவமனையின் தொலைபேசி எண்ணோ ஸ்க்ரோலிலிருந்து எடுப்பதாக இருந்தால், இரண்டு வெவ்வேறு ஃபிரேம்களில் ஒரே மாதிரி வந்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நீங்களே கண்ணால் பார்க்காதவரை அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அணை விஷயத்தில் நீர்வளத் துறையின் அன்றைய அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.